திடீர் ஸ்பைக்குன்னா ஏன் ஃபூரியர் திணறுது, வேவ்லெட் பிடிச்சிடுது?

கேள்வி: ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் ஓரளவு புரியுது, சிக்னலை சைன் அலைகளா பிரிக்குதுன்னு. ஆனா திடீர்னு வந்துட்டுப் போற ஸ்பைக்குக்கு வேவ்லெட் தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அது ஏன்னு தான் பிடிபடல. பெரிய கணக்கெல்லாம் இல்லாம யாராச்சும் சொல்லுங்களேன்.

முதல்ல ஒரு தப்பான விளக்கத்தை ஓரமா வச்சிடுவோம், ஏன்னா பாதிப் பேர் இதைத்தான் சொல்லுவாங்க: "ஃபூரியர் பண்ணா நேரத் தகவல் தொலைஞ்சு போயிடும்"னு. தொலையாதுங்க. கம்ப்யூட்டர்ல ஃபூரியரை வேகமா போடற முறையான எஃப்எஃப்டி எடுத்து அப்படியே திருப்பிப் போட்டா ஸ்பைக் முன்ன இருந்த அதே இடத்துல, அதே உயரத்துல வந்து நிக்கும், ஒரு சாம்பிள் கூட நகராது. தகவல் எல்லாம் உள்ளே தான் இருக்கு, ஆனா நம்மால எடுக்க முடியாத மாதிரி எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா தூவி வச்சிருக்கு. பிரச்சினையே அந்தத் தூவல் தான்.

கையால போடற அளவுக்குச் சின்னதா ஒண்ணு பார்ப்போம். எட்டே எட்டு நம்பர், ஆறாவது இடத்துல மட்டும் ஒரு ஸ்பைக்:

```
0 0 0 0 0 8 0 0
```

இதுக்கு ஃபூரியர் எடுத்தா எட்டு ஃப்ரீக்வென்சிக்கு எட்டு விடை வரும், அந்த எட்டோட அளவும் 8, 8, 8, 8, 8, 8, 8, 8. எல்லாமே ஒண்ணு. இப்ப ஸ்பைக்கை மூணாவது இடத்துக்கு நகர்த்திட்டு மறுபடி எடுங்க, அப்பவும் எட்டு தடவை 8 தான். ஸ்பைக் எங்க இருக்குங்கறது அளவுல தெரியவே தெரியாது, ஒவ்வொரு சைன் அலையும் எந்தக் கட்டத்துல ஆரம்பிக்குது, அதாவது ஃபேஸ், அதுல மட்டும் தான் மாற்றம் இருக்கும், அதுவும் எட்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தா தான் இடம் தெரியும்.

ஏன் இப்படின்னா, சைன் அலைக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது. சுருதிப்பெட்டி மாதிரி, ஒரு தடவை போட்டா கச்சேரி முடியற வரைக்கும் ஒரே அளவுல ஓடிக்கிட்டே இருக்கும். சுருதிப்பெட்டிகளை மட்டும் வச்சுக்கிட்டு சமையக்கட்டுல ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்த சத்தத்தை உண்டாக்குங்கன்னா என்ன பண்ணுவீங்க? விதவிதமான சுருதியில நூத்துக்கணக்கான பெட்டிகளைப் போடணும், எல்லாமே அந்த ஒரு கணத்துல ஒண்ணு சேர்ந்து மேல ஏறணும், மத்த எல்லா நேரத்துலயும் ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கி ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு கூட்டினா பூஜ்யம் வரணும். ஃபூரியர் உண்மையிலயே அதைத்தான் பண்ணுது. தட்டு விழாத நேரத்துல கேக்கற அமைதி இருக்கே, அது சும்மா அமைதி இல்லை, எல்லாப் பெட்டியும் முழு சத்தத்துல பாடி ஒண்ணையொண்ணு சரிக்கட்டி உண்டான அமைதி. அதுல நாலு பெட்டியை ஆஃப் பண்ணிப் பாருங்க, சரிக்கட்டல் உடைஞ்சு ஒண்ணுமே நடக்காத இடத்துல கூட நடுக்கம் வரும். எஃப்எஃப்டி எடுத்து "தேவையில்லாத" ஃப்ரீக்வென்சியை வெட்டி எறிஞ்சிட்டு திருப்பிப் போட்டா ஸ்பைக்குக்கு ரெண்டு பக்கமும் அலை அலையா ஒரு குலுங்கல் வருமே, அது இது தான்.

இப்ப அதே எட்டு நம்பரை ஹார் வேவ்லெட்ல போடுவோம். ஹார் 1910லயே வெளியானது, இருக்கறதுலயே எளிமையானது, கணக்குன்னு பார்த்தா கூட்டிப் பாதி, கழிச்சுப் பாதி, அவ்வளவு தான். ரெண்டு ரெண்டா ஜோடி சேருங்க: (0,0) (0,0) (0,8) (0,0). ஒவ்வொரு ஜோடிக்கும் சராசரி 0, 0, 4, 0. வித்தியாசத்துல பாதி 0, 0, -4, 0. வித்தியாசங்களைத் தனியா எடுத்து வச்சிடுங்க, சராசரிகளை மறுபடி ஜோடி சேருங்க: (0,0) (4,0), சராசரி 0, 2, வித்தியாசம் 0, 2. திரும்பவும் (0,2), சராசரி 1, வித்தியாசம் -1. மொத்தமா கையில இருக்கறது:

```
1 | -1 | 0 2 | 0 0 -4 0
```

எட்டுல நாலு தான் பூஜ்யம் இல்லாதது. அதுலயும் கடைசி நாலுல -4 மூணாவதா நிக்குது பாருங்க, மூணாவது ஜோடியில தான் ஏதோ நடந்திருக்குன்னு பார்த்த உடனே தெரியுது. ஸ்பைக்கை மூணாவது இடத்துக்கு மாத்தினா அந்த நம்பர் ரெண்டாவது ஜோடிக்குப் போயிடும். அளவுலயே இடம் தெரியுது. எட்டுக்கு நாலுன்னா என்ன பெரிய லாபம்னு தோணலாம், நீளம் கூடக் கூட தான் இது உறைக்கும்: 1024 சாம்பிள்ல ஒரே ஒரு ஸ்பைக் இருந்தா ஹார்ல 11 நம்பர் தான் பூஜ்யம் இல்லாம வரும், ஃபூரியர்ல 1024ம் வரும்.

சரி, பொம்மைக் கணக்கு போதும், நிஜத்துக்கு வருவோம். நான் கரண்ட் லைன் அளவீடு பக்கம் வேலை பாக்கறவன், அதுனால அந்த உதாரணம் தான் வாய்ல வருது. 230 வோல்ட் சப்ளைன்னா உச்சம் சுமாரா 325 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 5120 சாம்பிள் எடுக்கறோம்னு வச்சுக்குங்க, 0.2 நொடிக்கு 1024 சாம்பிள், அதுல சரியா பத்து சுழற்சி அடங்கும். 2 வோல்ட் அளவுக்கு இரைச்சல் இருக்கு. 700வது சாம்பிள்ல மட்டும் ஒரு 100 வோல்ட் ஸ்பைக், பக்கத்துல எங்கேயோ பெரிய காண்டாக்டர் ஒண்ணு திறந்து மூடினதுல வந்ததுன்னு நினைச்சுக்குங்க.

"325ஐ தாண்டினா அலாரம் அடி"ன்னு ஒரு வரி போட்டா போதாதான்னு தோணும். போதாது. 700வது சாம்பிள் வர்ற நேரத்துல சைன் அலை கீழ்ப்பக்கம் ஏறக்குறைய -279 வோல்ட்ல இருக்கு, 100 கூடினா -179, ரெண்டுமே வழக்கமான எல்லைக்குள்ள தான். ஸ்பைக் அலையோட வயித்துக்குள்ளயே ஒளிஞ்சுக்குது.

எஃப்எஃப்டி போட்டா 5 ஹெர்ட்ஸுக்கு ஒண்ணுன்னு டப்பா டப்பாவா வரும். 50 ஹெர்ட்ஸ் டப்பாவுல 325 வோல்ட், கத்தி மாதிரி ஒரே கோடு, அந்த அழகை வேவ்லெட்டால தர முடியாது, அது வேற விஷயம். நம்ம 100 வோல்ட் ஸ்பைக் எங்க போச்சு? மொத்தம் ஐந்நூறு சொச்சம் டப்பா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 0.2 வோல்ட்னு பங்கு பிரிச்சுப் போயிடுச்சு. இரைச்சலே ஒவ்வொரு டப்பாவுலயும் 0.1 வோல்ட் சுத்தி இருக்கும், அது மேல இது ஏறினா அடிமட்டம் 0.2 சொச்சத்துக்கு வரும்.

இங்க தான் விஷயமே இருக்கு. அந்தப் படத்தை என்கிட்ட காட்டினா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா, "இரைச்சல் கூடியிருக்கு"ன்னு. 0.2 நொடி பூரா இரைச்சல் 2 வோல்ட்ல இருந்து 3.7 வோல்ட்டுக்கு ஏறினா எவ்வளவு ஆற்றல் கூடுமோ, இந்த ஒரே ஒரு ஸ்பைக்கும் அவ்வளவு தான் கூட்டுது, அதுவும் அதே மாதிரி எல்லா டப்பாவுலயும் பரவலா. எஃப்எஃப்டியோட அளவை மட்டும் பார்க்கறவனுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே படம். ஒரு ஆலையில டிரைவ் அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு போய் ஒன்றரை நாள் இப்படித்தான் எர்த்திங், கேபிள் ஷீல்டுன்னு இரைச்சலைத் தேடிக்கிட்டு இருந்தேன், இரைச்சலே கிடையாது, நொடிக்கு நாலஞ்சு ஸ்பைக் தான் வந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு பட்ட எரிச்சல்ல தான் வேவ்லெட்டை ஒழுங்கா உக்காந்து படிச்சேன்.

வேவ்லெட் என்ன பண்ணுதுன்னு என் பாணியில சொல்றேன், புத்தகத்துல இப்படி இருக்காது. பக்கத்து சாம்பிள்களைப் பார்த்து "இந்த சாம்பிள் இவ்வளவு இருக்கணுமே"ன்னு ஒரு ஊகம் பண்ணுது, ஊகம் எவ்வளவு தப்பாச்சோ அந்தத் தப்பு தான் கோஎஃபிஷியன்ட்டா வருது. ஊகம் சரியா இருந்தா பூஜ்யம். ஹார் ரொம்ப சோம்பேறி, "பக்கத்துல இருக்கற மாதிரியே தான் இதுவும் இருக்கும்"னு நினைக்கும். ஆனா 50 ஹெர்ட்ஸ் அலை வேகமா ஏறற இடத்துல ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததுக்கும் 20 வோல்ட் வித்தியாசம் இருக்கு, அதுனால ஸ்பைக்கே இல்லாத இடத்துல கூட ஹார் 14 வோல்ட் வரைக்கும் காட்டும். (20ஐ ரூட் ரெண்டால வகுத்தா 14. மேல கையால போட்டப்ப ரெண்டால வகுத்தோம், மென்பொருள்ல ஆற்றல் மாறாம இருக்கணும்னு ரூட் ரெண்டு.) ஸ்பைக்குக்கு 71 காட்டும். பரவால்ல, தெரியுது, ஆனா சுத்தமா இல்லை.

இங்க தான் இங்க்ரிட் டோபஷீ 1988ல வெளியிட்ட வேவ்லெட்டுகள் வருது. அதுல `db4`ங்கறது எட்டு சாம்பிளை சேர்த்துப் பார்க்கும், நேர்கோடு மட்டும் இல்லாம மூணாம் படி வரைக்கும் வளையற வளைவு எதுவா இருந்தாலும் ஊகிச்சிடும். சாம்பிளுக்கு சாம்பிள் பார்த்தா 50 ஹெர்ட்ஸ் அலைங்கறது ரொம்ப மெதுவா வளையற கோடு தானே, எட்டு சாம்பிள் நீளத்துல `db4`க்கு அது அல்வா சாப்பிடற மாதிரி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 325 வோல்ட் அலையில முதல் மட்டத்துல, அதாவது சராசரிகளை மறுபடி ஜோடி சேர்க்கறதுக்கு முன்னாடி வர்ற முதல் சுற்றுல, மிஞ்சறது 0.0024 வோல்ட். அலை காணாமலே போயிடுது. இரைச்சலை யாராலயும் ஊகிக்க முடியாது, அதுனால அது 2 வோல்ட்டாவே நிக்கும். ஸ்பைக் 63 இல்லைன்னா 71ன்னு நிக்கும் (ஏன் ரெண்டு நம்பர்னு கடைசியில சொல்றேன்). 2 வோல்ட் புல்லுக்கு நடுவுல 60 வோல்ட் பனைமரம், குருடனுக்கும் தெரியும்.

நம்பாட்டி ஓட்டிப் பாருங்க:

```python
import numpy as np, pywt
fs, N = 5120, 1024
t = np.arange(N) / fs
rng = np.random.default_rng(1)
x = 325*np.sin(2*np.pi*50*t) + rng.normal(0, 2, N)
x[700] += 100

F = np.abs(np.fft.rfft(x)) * 2 / N
cA, d1 = pywt.dwt(x, 'db4', mode='periodization')
k = np.argmax(np.abs(d1))
print(F[10], np.median(F))
print(2*k, d1[k])
```

முதல் வரியில 325 பக்கம் ஒண்ணு, 0.2 பக்கம் ஒண்ணு வரும். ரெண்டாவது வரியில வர்ற இடம் சரியா 700ன்னு இருக்காது, சில சாம்பிள் முன்ன பின்ன இருக்கும், ஏன்னா `db4` எட்டு சாம்பிள் அகலம், எந்த ஓரத்துல இருந்து எண்றோம்ங்கறதைப் பொறுத்தது. ஒரு சாம்பிள் 0.2 மில்லிசெகண்ட், அதுனால சில சாம்பிள்னா கூட ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுக்குள்ள தான்.

இங்க ஒருத்தர் கை தூக்குவார், "சிக்னலை சின்னச் சின்னத் துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் எஃப்எஃப்டி எடுத்தா என்ன?"ன்னு. நியாயமான கேள்வி, வேலையும் செய்யும், ஓரளவுக்கு. 32 சாம்பிள் துண்டா வெட்டினா ஸ்பைக் விழுந்த துண்டுல அடிமட்டம் தூக்கிக் காட்டும். ஆனா 32 சாம்பிள்னா 6.25 மில்லிசெகண்ட், 50 ஹெர்ட்ஸோட ஒரு சுழற்சியே 20 மில்லிசெகண்ட், கால் அலையையும் அரை அலையையும் வெட்டிக் கொடுத்தா எஃப்எஃப்டி குழம்பி அந்த 325 வோல்ட்டை எல்லா டப்பாவுலயும் ஒழுக விடும், ஒழுகினதுல ஸ்பைக் மறுபடி முங்கும். துண்டோட ரெண்டு ஓரத்தையும் மெல்லத் தேய வைக்கற விண்டோ ஃபங்ஷன் போட்டு ஒழுகலைக் குறைக்கலாம், துண்டைப் பெருசாக்கலாம், பெருசாக்கினா ஸ்பைக் மறுபடி நீர்த்துப் போகும். மூல வியாதி என்னன்னா துண்டு நீளத்தை நீங்க முன்னாடியே முடிவு பண்ணணும், ஆனா வரப்போற ஸ்பைக் எவ்வளவு நேரம் நீடிக்கும்னு யாருக்குத் தெரியும்? காண்டாக்டர் ஸ்பைக் ஒரே சாம்பிள்ல முடிஞ்சிடும், கெப்பாசிட்டர் பேங்க் ஆன் பண்ணா வர்ற ஆட்டம் பல மில்லிசெகண்டுக்கு ஓடும்.

இதே வயித்தெரிச்சல்ல தான் வேவ்லெட்டே இன்னைக்கு இருக்கற ரூபத்துக்கு வந்துச்சு. ஜான் மார்லேன்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர், எல்ஃப் அகிட்டேன் எண்ணெய் கம்பெனியில பூமிக்குள்ள அதிர்ச்சி அனுப்பி திரும்பி வர்ற எதிரொலியை அலசற வேலை. நெருக்கமா அடுக்கி இருக்கற மெல்லிசான பாறை அடுக்குகள்ல இருந்து வர்ற எதிரொலி சட்சட்டுன்னு இருக்கும், கூடவே மெதுவான அலையும் இருக்கும், ஒரே நீளத் துண்டு ரெண்டுக்கும் ஒத்து வரல. அவர் என்ன பண்ணாருன்னா துண்டோட நீளத்தை நிலையா வச்சு உள்ள இருக்கற ஆட்டத்தை மாத்தறதை விட்டுட்டு, ஒரே ஒரு குட்டி அலையோட வடிவத்தை அப்படியே வச்சுக்கிட்டு அதை இழுத்தும் அமுக்கியும் எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் பயன்படுத்தினார். அமுக்கினா வேகமான ஆட்டம், நீளமும் தானா குட்டியாயிடும். இழுத்தா மெதுவான ஆட்டம், நீளமும் தானா கூடும். அலெக்ஸ் கிராஸ்மன்னு ஒரு இயற்பியல்காரரோட சேர்ந்து 1984ல கணித அடிப்படையோட வெளியிட்டாங்க.

அந்த ஒரு யோசனை தான் எல்லாம். நம்ம 5120 சாம்பிள் கணக்குல முதல் மட்டம் 1280ல இருந்து 2560 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளதை மில்லிசெகண்டுக்கும் குறைவான இடைவெளியில பாக்குது, ரெண்டாவது மட்டம் 640ல இருந்து 1280, மூணாவது 320ல இருந்து 640, இப்படிப் பாதி பாதியா இறங்கி ஆறாவது மட்டத்துல 40ல இருந்து 80 ஹெர்ட்ஸ், நம்ம 50 அங்க போய் உக்காரும். காண்டாக்டர் ஸ்பைக் முதல் மட்டத்துல பளிச்சுன்னு வரும், கெப்பாசிட்டர் ஆட்டம் மூணாவது இல்லைன்னா அதுக்குக் கீழ வரும், நீங்க எதையும் முன்கூட்டியே தேர்வு பண்ண வேண்டியதில்லை. (எல்லையெல்லாம் கத்தி வெட்டு மாதிரி இல்லை, பக்கத்து மட்டத்துக்கு கொஞ்சம் வழியும்.)

எங்க வேவ்லெட் சொதப்பும்னும் சொல்லணும், இல்லைன்னா நீங்க நாளைக்கு எல்லாத்துக்கும் இதைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்க. 50 ஹெர்ட்ஸா 51 ஹெர்ட்ஸான்னு வேவ்லெட்கிட்ட கேக்காதீங்க, 40ல இருந்து 80 வரைக்கும் அதுக்கு ஒரே பெட்டி. 50ஓட அஞ்சு மடங்குல வர்ற ஐந்தாவது ஹார்மோனிக் எத்தனை சதவீதம்னு கேட்டாலும் அதே கதை. விட்டு விட்டு வராம நீளமா நிக்கற எதுக்கும் ஃபூரியர் தான், ஒரே டப்பாவுல முடிச்சிடும், வேவ்லெட்ல அந்த ஒத்தைத் தொனி ஒரு மட்டத்துல உள்ள எல்லா நம்பரையும் நிரப்பிடும். நான் ரெண்டையும் ஓட்டுவேன், ஹார்மோனிக்குக்கு அது, ஸ்பைக்குக்கு இது.

இன்னொண்ணு ஓரம். மேல இருக்கற புரோகிராம்ல `mode='periodization'` போட்டிருக்கேன், அது சிக்னலோட முடிவையும் ஆரம்பத்தையும் ஒட்ட வச்சுக்கும். சரியா பத்து சுழற்சி இருக்கறதுனால ஒட்டின இடம் தெரியல. `N`ஐ 1000னு மாத்தி ஓட்டுங்க, முடிவுல -300 சொச்சத்துல இருக்கற அலை ஆரம்பத்துல பூஜ்யத்துல இருக்கற அலையோட ஒட்டும், அது நிஜ ஸ்பைக்கை விடப் பெருசா ஒரு பொய் ஸ்பைக்கைக் காட்டும். கண்டுபிடிக்கறது சுலபம், எந்தப் பதிவை எடுத்தாலும் "ஸ்பைக்" முதல் நாலு இல்லைன்னா கடைசி நாலு நம்பர்லயே வருதுன்னா அது லைன்ல இல்லை, உங்க வெட்டுல இருக்கு.

கடைசியா அந்த 63, 71 பஞ்சாயத்து. `dwt` ரெண்டு சாம்பிளுக்கு ஒரு நம்பர் தான் வச்சுக்கும், பாதியைத் தூக்கிப் போட்டுடும். அதுனால ஸ்பைக் இரட்டைப்படை இடத்துல விழுந்தா ஒரு அளவு, ஒத்தைப்படை இடத்துல விழுந்தா வேற அளவு. `x[700]`ஐ `x[701]`னு மாத்தி ஓட்டினீங்கன்னா அதே 100 வோல்ட் வேற நம்பரா வரும், இரைச்சலால ஒண்ணு ரெண்டு ஆடினாலும் வித்தியாசம் தெரியும். ஸ்பைக் இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்கறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. உயரத்தை அளந்து ரிப்போர்ட்ல போடணும்னா `pywt.swt` பயன்படுத்துங்க, அது எதையும் தூக்கிப் போடாது, ஒவ்வொரு மட்டத்துக்கும் முழுசா 1024 நம்பர் தரும், ஸ்பைக் எங்க விழுந்தாலும் 71 பக்கமே நிக்கும். மெமரி கூடத் தின்னும், 1024 சாம்பிளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா.